விழாத வெள்ளைக் காயை எழுதுங்கள்

கடந்த ஞாயிறு மாலை எங்கள் ஊர் சனசமூக நிலையத்தில் நடந்த கரம் இறுதிப் போட்டியைப் பற்றிப் பத்திரிகையில் இரண்டு வரிச் செய்தி வந்தது. 'விறுவிறுப்பாக நடைபெற்ற இறுதிப் போட்டியில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் வெற்றியீட்டினார்.' அவ்வளவுதான். அந்த வரியை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது. அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது என்பதைக் கண்ணால் பார்த்த நாற்பது பேர் அந்த மண்டபத்தில் இருந்தோம்.

கரம் போட்டியை எழுத முடியாது, அதில் எழுத என்ன நடக்கிறது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இருவர் எதிரெதிரே கதிரையில் இருக்கிறார்கள். எழும்பக் கூடாது, கதிரையை நகர்த்தக் கூடாது. அசைவது விரல் மட்டும். ஓட்டமும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. ஆகவே 'மண்டபமே மூச்சடக்கி நின்றது', 'நெற்றியில் வியர்வை அரும்பியது' என்று எழுதி நிரப்புகிறார்கள். அந்த வரிகளைச் சதுரங்கத்துக்கும் போடலாம், பேச்சுப் போட்டிக்கும் போடலாம். பலகையில் என்ன நடந்தது என்று அவை சொல்வதில்லை.

சதுரங்கத்துக்காவது குறிப்பு முறை இருக்கிறது. 1972இல் ரெய்க்யவிக்கில் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் ஆடிய ஒவ்வொரு நகர்வும் எழுதப்பட்டிருக்கிறது. இன்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு பிள்ளை அதைப் பலகையில் வைத்துத் திரும்ப ஆடிப் பார்க்கலாம். கரத்தில் காய் அடுக்கி ஆடும் ஒவ்வொரு சுற்றும் ஒரு போர்டு. புள்ளித்தாளில் எஞ்சுவது ஒவ்வொரு போர்டின் புள்ளி மட்டும். காய்கள் எங்கே கிடந்தன, எதை அடித்தார், எதை அடிக்காமல் விட்டார் என்பதெல்லாம் அடுத்த போர்டுக்குக் காய் அடுக்கும்போது அழிந்துவிடும். எழுதுகிறவர் எழுதாவிட்டால் அந்த ஆட்டம் இல்லை. ஆதலால்தான் இரண்டு வரிச் செய்தி என்னைக் கோபப்படுத்துகிறது.

நான் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பேன் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊரில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். மற்றவர் உயர்தரம் படிக்கும் பையன். அவரைத் தம்பி என்றே சொல்கிறேன். முதல் இரண்டு செட்டுகளையும் ஆளுக்கொன்றாக வென்றார்கள். அவற்றைப் பற்றி இதற்குமேல் ஒரு வரியும் தேவையில்லை. எல்லா போர்டுகளையும் வரிசையாகச் சொல்வதுதான் கரம் செய்தி எழுதுபவர்கள் செய்யும் பெரிய பிழை. பத்து போர்டுகளைக் கேட்ட வாசகர் பதினோராவது போர்டில் களைத்துப் போயிருப்பார், முக்கியமானது அங்கேதான் இருக்கும்.

நேராக மூன்றாவது செட்டின் எட்டாவது போர்டுக்கு வருகிறேன். ஒரு செட் 25 புள்ளி வரை அல்லது எட்டு போர்டுகள் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. ஏழு போர்டுகள் முடிந்தபோது மாஸ்டர் 19, தம்பி 16. இனி ஒரு போர்டுதான். இங்கே வாசகரை நிறுத்தி ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் பயனில்லை. போர்டை வெல்பவருக்கு எதிராளியின் காய்கள் எத்தனை மிச்சமோ அத்தனை புள்ளி. சிவப்பையும் அவரே போட்டு, அடுத்த அடியில் தன் காய் ஒன்றையும் போட்டுக் கவர் செய்திருந்தால் கூடுதலாக மூன்று.

மாஸ்டருக்கு இந்த போர்டை எப்படி வென்றாலும் போதும். தம்பிக்கு நான்கு புள்ளி வேண்டும். மூன்று எடுத்தால் சமநிலை, இன்னொரு போர்டு. சிவப்பு தம்பியிடம் வந்தால், மாஸ்டரின் ஒரே ஒரு கறுப்பு மிஞ்சினாலும் நான்கு ஆகிவிடும். சிவப்பு மாஸ்டரிடம் போனால், நான்கு கறுப்புகள் மிஞ்சும்படி தம்பி வெல்ல வேண்டும். ஆகவே அந்த போர்டு முழுவதும் சிவப்பைப் பற்றியது. இதைத் தெரிந்துகொண்ட வாசகருக்கு 'மூச்சடக்கி' என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

தம்பி வெள்ளை, மாஸ்டர் கறுப்பு. தம்பிக்கு இரண்டு வெள்ளைகள் மிச்சம், மாஸ்டருக்கு மூன்று கறுப்புகள், சிவப்பு இன்னும் பலகையில். அடி தம்பியுடையது. இந்த இடத்தில் நான் என் கொப்பியில் ஒரு சதுரம் கீறினேன். கறுப்புக்குப் புள்ளடி, வெள்ளைக்கு வட்டம், சிவப்புக்கு நிரப்பிய வட்டம். பத்து விநாடி வேலை. ஓர் அடிக்கு 15 விநாடிகள் இருக்கின்றன, கீற நேரம் போதும். எழுதும்போது ஒருவரின் கதிரையிலிருந்தே எல்லாத் திசையையும் சொல்ல வேண்டும். கதிரை மாறினால் வாசகருக்கு இடம் வலம் குழம்பிவிடும். வாசகரைத் தம்பியின் பின்னால் நிறுத்துகிறேன்.

தூரத்து இடது குழிக்கு அருகே சிவப்பு. அது மாஸ்டரின் அடிக்கோட்டுக்குப் பின்னால், அவர் வலது முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. அங்கே கிடக்கும் காய் எதிரில் இருப்பவருக்கு நேரடி, அருகில் இருப்பவருக்கோ பெரும் சங்கடம். மாஸ்டர் ஸ்ட்ரைக்கரை எதிர்ச் சட்டத்தில் அடித்துத் திரும்பி வரவைத்தால்தான் அதைத் தொடலாம். தம்பியின் ஒரு வெள்ளை பலகையின் வலது நடுப்பகுதியில், கடும் சாய்வில் நின்றது. மற்ற வெள்ளை வலது சட்டத்தோடு ஒட்டி, ஒரு கறுப்பு அதை மறித்துக்கொண்டு நின்றது. மற்ற இரண்டு கறுப்புகளும் வெட்டவெளியில், மாஸ்டருக்குச் சுலபமாக.

'சிவப்பை அடி' என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். எல்லாருடைய கண்ணும் அங்கேதான். ஆனால் சிவப்பைப் போட்டால் அடுத்த அடியிலேயே ஒரு வெள்ளையைப் போட்டுக் கவர் செய்ய வேண்டும். தவறினால் சிவப்பு நடு வட்டத்துக்குத் திரும்பும். அங்கே வந்தால் மாஸ்டருக்கு நேரடி, கவருக்கும் இரண்டு கறுப்புகள் தயாராக இருக்கின்றன.

தம்பி சிவப்பை அடிக்கவில்லை. வலது நடுவில் நின்ற வெள்ளையை மெதுவாக, விளிம்பில் மட்டும் தொட்டார். அது ஊர்ந்து போய்த் தூரத்து வலது குழியின் வாயில் நின்றது. விழவில்லை. 'ஐயோ' என்று மண்டபம் முழுவதும் கேட்டது. தவறவிட்டார் என்று நினைத்தார்கள்.

அந்த 'ஐயோ'தான் அந்தப் போட்டியின் செய்தி என்று நான் சொல்வேன். அந்த வெள்ளை விழுந்திருந்தால் தம்பி அநேகமாகத் தோற்றிருப்பார். கவருக்கு மிஞ்சியிருப்பது மறிக்கப்பட்ட அந்த ஒரே வெள்ளைதான். அது விழாமல், குழியின் வாயில் நிற்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். அப்போது சிவப்பும் கவரும் மாஸ்டரின் இரு முழங்கைகளுக்கும் பக்கத்தில், அவர் நேராக அடிக்க முடியாத இரு மூலைகளில் இருக்கும். வெளியிலிருந்து இதை எப்படி அறிவது? வேகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவு சாய்வான வெட்டைக் குழியில் போட நினைப்பவர் பலமாக அடிப்பார். தம்பியின் ஸ்ட்ரைக்கர் காயைத் தொட்ட பிறகு ஒரு சாண்கூட ஓடவில்லை. ஆனாலும் என் ஊகத்தை மட்டும் நம்பி எழுதக் கூடாது என்பதால் போட்டி முடிந்ததும் கேட்டேன். "விழுந்துவிடுமோ என்றுதான் பயந்தேன், அண்ணை" என்றார். ஆடுபவரின் மனத்துக்குள் புகுந்து கற்பனை செய்து எழுதுவதைவிட, அந்த ஒரு வசனம் எத்தனையோ மடங்கு பெறுமதி.

மாஸ்டருக்கு உடனே விளங்கிவிட்டது. அவரிடம் இரண்டு சுலபக் கறுப்புகள் இருந்தன, ஆனால் போடவில்லை. போட்டால் ஒரே கறுப்பு மிஞ்சும். சிவப்பு பலகையில் இருக்கும்போது கடைசிக் காயைப் போட்டால் போர்டே போய்விடும். ஆகவே அவரும் சிவப்பைத்தான் தேடினார். ஸ்ட்ரைக்கர் தம்பியின் பக்கச் சட்டத்தில் மோதித் திரும்பி வந்து சிவப்பைத் தொட்டது. குழியை விட்டு இரண்டு விரல்கடை விலகிச் சட்டத்தோடு ஒட்டியது சிவப்பு. போடவும் முடியவில்லை, ஆனால் நேரடி அடியைக் கெடுத்துவிட்டார். எழுபது வயதை நெருங்கும் ஒருவரின் விரலிலிருந்து அப்படியொரு அடி வந்ததை நான் மறக்கமாட்டேன்.

இனி எல்லாம் வேகமாக நடந்தது. தம்பி சட்டத்தோரமாகச் சிவப்பை மெல்லியதாக வெட்டினார், விழுந்தது. குழி வாயில் காத்திருந்த வெள்ளை, கவர். மிஞ்சிய வெள்ளையை மறித்த கறுப்பிலிருந்து பிரிக்க அடித்தார், இரண்டும் சிதறின, எதுவும் விழவில்லை. இப்போது மாஸ்டர் மூன்று கறுப்புகளையும் போட்டால் அவருக்குத்தான் கிண்ணம். ஒன்று. இரண்டு. மூன்றாவது தம்பியின் பக்கத்து இடது குழியை நோக்கி நேராகப் போய், குழியின் முனையில் தட்டி நின்றது. தம்பி வெள்ளையைப் போட்டார். ஒரு கறுப்பு மிச்சம், சிவப்புக்கு மூன்று. 20–19.

2012இல் கொழும்பில் நிஷாந்த பெர்னாண்டோ உலகச் சம்பியனானபோதும் நான் தமிழில் வாசித்தது பெயரையும் முடிவையும் மட்டும்தான். எந்தக் காயில் அந்த ஆட்டம் திரும்பியது என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பரிசளிப்பு முடிந்து மேசை விளக்கை அணைக்கும் நேரத்தில் மாஸ்டர் என்னிடம் வந்து கொப்பியைக் கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் கீறிய சதுரத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற தம்பியிடம், "நீர் அந்த வெள்ளையை வைத்தபோதே போர்டு போய்விட்டது என்று எனக்குத் தெரியும்" என்றார். என்னிடமிருந்து பேனையை வாங்கி, மறித்து நின்ற கறுப்பின் புள்ளடியை வெட்டிவிட்டு, அரை விரல்கடை உள்ளே தள்ளிப் புதிதாகப் போட்டார்.

"இங்கேதான் கிடந்தது" என்றார்.