‘ஐ’யில் முடிந்தாலே ஒற்று வந்துவிடாது

“‘ஐ’யில் முடிகிற சொல்லுக்கு அடுத்து க, ச, த, ப வந்தால் எல்லா இடத்திலும் ஒற்றுப் போடலாம். மொத்தமாகத் தேடி மாற்றினால் போதும், பொருள் மாறாது.”

இப்படி ஒருவர் யோசனை சொல்கிறார். ஆனால் பொருள் மாறும். ‘வேலை தேடினான்’ என்றால் பிழைப்புக்கு வழி தேடினான். ‘வேலைத் தேடினான்’ என்று ஆக்கினால் அவன் தேடியது முருகன் கையில் இருக்கும் வேல். முதலாவதில் ‘ஐ’ சொல்லோடு பிறந்தது, இரண்டாவதில் அது வேற்றுமை உருபு. உருபுக்குப் பின் ஒற்று மிகும் என்பது சரிதான், ஆனால் மொத்தமாகத் தேடி மாற்றும்போது எது உருபு என்பதைக் கணினி அறியாது.

அதனால் ‘ை க’, ‘ை ச’, ‘ை த’, ‘ை ப’ என்று இடைவெளியோடு தேடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். ‘பூனை பாலை குடித்தது’ என்று இருந்தால், எது குடித்தது? பூனை. அது எழுவாய், தொடாதீர்கள். எதைக் குடித்தது? பாலை. ‘ஐ’யை எடுத்தால் ‘பால்’ மிஞ்சுகிறது, ஆகவே ‘பாலைக் குடித்தது’. ‘வேலை’யில் எடுத்தாலும் ‘வேல்’ மிஞ்சும் என்பதால் அங்கே முன்பின் வாக்கியங்களைப் படித்தே முடிவெடுக்க வேண்டும். ‘அவை கிடைத்தன’, ‘இவை போதும்’ போன்றவற்றிலும் ஒற்று வராது.

‘மலை பாதை’ வேறு வகை. இரண்டு பெயர்கள் ஒட்டி ஒரு பொருளைக் குறிப்பதால் ‘மலைப்பாதை’ என்றே எழுத வேண்டும்.

தன் நிறுவனப் பெயரில் ஒற்றுச் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: பதிவில் உள்ளபடியே விடுவேன். இதில் பதிப்பாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.