65 என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டால் போதுமா?

போன மாதம் அக்காவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தோம். பெட்டிக்குள் போன் இருந்தது, இரண்டு முனையும் டைப்-சி ஆன ஒரு கேபிள் இருந்தது, சிம் தட்டைக் குத்தி எடுக்கும் ஊசி இருந்தது. சார்ஜர் இல்லை. இப்போது நிறைய போன்கள் இப்படித்தான் வருகின்றன, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு அப்புறம் ஒரு சார்ஜர் வாங்கப் பட்ட பாட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

அக்கா நர்ஸ். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து, சமைத்து, படுத்து எழுந்து, மறுபடி கிளம்புவதற்குள் போனைச் சார்ஜில் போட அவளுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேகால். போனில் 25 வாட் வேக சார்ஜிங் உண்டு என்று போட்டிருந்தது. அதை நம்பித்தான் அந்த போனையே எடுத்தோம். சார்ஜர் வாங்கக் கடைக்குப் போனேன். 25 வாட் வேண்டும் என்றேன். "எதுக்குண்ணே 25? இது 65 வாட். லேப்டாப்பே ஏறும், போன் ஏறாதா?" என்றார் கடைத் தம்பி. பெட்டியின் முன்பக்கம் பாதி இடத்தை 65 என்ற எண் அடைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மின்னல் படம், கீழே எல்லா போனுக்கும் ஏற்றது என்று ஒரு வரி. 25 கேட்கும் போனுக்கு 65 தாராளம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நானும் 1,899 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது போன் நிறைய. அக்கா மூன்று நாள் பார்த்துவிட்டு, "பழைய போனே தேவலைடா" என்றாள்.

கடைக்குத் திரும்பிப் போனேன். கேபிள் சரியில்லை என்றார்கள். போனோடு வந்த கேபிள் அது! இருந்தாலும் பேச்சை நம்பி, 120 வாட் என்று பெரிதாகப் போட்ட கேபிள் ஒன்றை 499 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் ஒரு முனை பழைய சப்பை யூ.எஸ்.பி., டைப்-ஏ. மறுமுனை மட்டும்தான் டைப்-சி. சார்ஜரில் அந்தச் சப்பை முனைக்கும் ஒரு ஓட்டை இருந்ததால் செருகிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அதே இரண்டு மணி நேரம்.

போன் சர்வீஸ் செய்யும் நண்பன் ஒருவனிடம் சின்ன யூ.எஸ்.பி. மீட்டர் இருக்கிறது. சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் போகிறது என்று காட்டும். அதைப் போட்டுப் பார்த்தோம். 9 வோல்ட், 1.6 ஆம்பியர். பெருக்கினால் 14 வாட் சொச்சம். 65 வாட் சார்ஜரிலிருந்து, 25 வாட் வாங்கக்கூடிய போனுக்கு, போய்க்கொண்டிருந்தது 14!

அவன் சார்ஜரைத் திருப்பி, போன் டார்ச்சைச் சாய்த்து அடித்து, சாம்பல் நிற பிளாஸ்டிக்கில் சாம்பல் நிறத்திலேயே அச்சாகியிருந்த எறும்பெழுத்தைப் படித்துக் காட்டினான். டைப்-சி ஓட்டையில் 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 3 ஆம்பியர், 12 வோல்ட் 3 ஆம்பியர், 15 வோல்ட் 3 ஆம்பியர், 20 வோல்ட் 3.25 ஆம்பியர். இவ்வளவுதான். முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்ட 65 எங்கிருந்து வந்தது? கடைசி ஜோடியிலிருந்து. 20-ஐ 3.25-ஆல் பெருக்கினால் 65. அந்த 20 வோல்ட் லேப்டாப்புக்கானது. அக்காவின் போன் அதைக் கேட்கவே கேட்காது. அவளுக்கு விற்ற எண் அவள் போனுக்குச் சம்பந்தமே இல்லாத எண்.

சரி, 9 வோல்ட்டில் 3 ஆம்பியர் இருக்கிறதே, அது 27 வாட் ஆயிற்றே, போன் ஏன் அதை எடுக்கவில்லை? இதைத்தான் நான் விடாமல் கேட்டேன். அந்தப் பட்டியலில் பி, பி, எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு இன்னொரு வரி இருந்திருக்க வேண்டும் என்றான். அது இல்லை.

அதை அவன் விளக்கிய விதம் இது. டைப்-சி சார்ஜரைச் செருகியதும் சார்ஜர் தன்னிடம் உள்ள வோல்ட், ஆம்பியர் ஜோடிகளை போனுக்குச் சொல்கிறது. போன் அதில் ஒன்றைக் கேட்டு வாங்குகிறது. பவர் டெலிவரி, சுருக்கமாக பி.டி., என்பது இந்தப் பேச்சுதான். சாதாரண பி.டி.யில் 5, 9, 12, 15, 20 என்று படிப்படியாகத்தான் கிடைக்கும், நடுவில் எதுவும் கிடையாது. ஆனால் போனுக்குள் இருக்கும் பேட்டரி நாலு வோல்ட் பக்கத்தில் நிற்கிறது, ஏற ஏற அதுவும் மெல்ல உயர்கிறது. அக்காவின் போன் மாதிரி போன்கள், பேட்டரியின் வோல்ட்டைப்போல் சரியாக இரண்டு மடங்கை உள்ளே வாங்கி, அதைப் பாதியாக்கி பேட்டரிக்குக் கொடுக்கின்றன. அப்படிச் செய்தால் சூடு குறைவு, வேகமாக ஏற்றலாம். அதற்கு வோல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு வோல்ட்டில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஏற்றி இறக்கித் தரும் சார்ஜர் வேண்டும். அந்த வசதிக்குப் பெயர்தான் பி.பி.எஸ். அது இல்லாத சார்ஜரில் 9 வோல்ட்டை போனே உள்ளே இறக்க வேண்டியிருக்கிறது. சூடாகும். அதனால் போன் தானாகவே 15 வாட் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறது. சார்ஜர் எத்தனை வாட் என்றாலும் அதே கதைதான்.

120 வாட் கேபிளும் இப்படித்தான். இந்த பி.டி. பேச்சு டைப்-சி முனையில் இருக்கும் ஒரு தனிக் கம்பி வழியாக நடக்கிறது. சப்பை டைப்-ஏ முனையில் அந்தக் கம்பிக்கு இடமே இல்லை. ஆகவே ஒரு முனை டைப்-ஏ என்றால் அந்த கேபிளில் பி.டி. கிடையாது, பி.பி.எஸ். கிடையாது, என்ன எண் அச்சடித்திருந்தாலும் கிடையாது. 120 என்பது சில போன் கம்பெனிகள் தங்கள் போனுக்கும் தங்கள் சார்ஜருக்கும் நடுவில் மட்டும் வைத்திருக்கும் தனி முறைக்கானது. அந்தக் கம்பெனி போன் இருந்தால், அந்தக் கம்பெனி சார்ஜரும் இருந்தால், 120 வரலாம். இதைக் கேபிள் அட்டையில் ஒரு வரி போட்டால் என்ன? "இரு முனை: ஏ, சி. பி.டி. வேலை செய்யாது." அவ்வளவுதானே! மிச்ச இடமெல்லாம் தீப்பொறி படம் போட இருந்ததே.

கடைசியில் 25 வாட் சார்ஜர் ஒன்று வாங்கினோம். 65-இன் விலையில் பாதிகூட இல்லை. அதன் அடியில் பி.பி.எஸ். என்று எழுதி, 3.3 முதல் 11 வோல்ட் வரை, 2.25 ஆம்பியர் என்று இருந்தது. போனோடு வந்த அதே கேபிளைச் செருகினோம். பூட்டிய திரையில் முதல் தடவையாக அதிவேக சார்ஜிங் என்று வந்தது. மீட்டரில் 20 வாட்டைத் தாண்டியது. அந்தக் கேபிளைத்தான் கடையில் சரியில்லை என்றார்கள்!

பழைய இரண்டையும் திருப்பிக் கொடுக்கப் போனால், சீல் உடைத்துவிட்டீர்கள் என்கிறார்கள். உடைக்காமல் எப்படித் தெரியும்? வோல்ட் ஆம்பியர் பட்டியல் சார்ஜரின் உடம்பில் இருக்கிறது, சார்ஜர் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. எம்.ஆர்.பி., இறக்குமதி செய்தவர் முகவரி, கஸ்டமர் கேர் நம்பர் எல்லாம் வெளியே அச்சாகியிருக்கிறது. வாங்கும் ஆளுக்கு முடிவெடுக்க வேண்டிய அந்த ஒரு வரியை மட்டும் உள்ளே பூட்டி வைத்துவிட்டு, பிரித்தால் உன் பொறுப்பு என்பது என்ன நியாயம்?

இன்னொன்றும் அப்புறம்தான் தெரிந்தது. அந்த 65 வாட் சார்ஜரில் இரண்டு ஓட்டையிலும் ஒரே நேரத்தில் செருகினால் டைப்-சிக்கு 45, டைப்-ஏக்கு 18 என்று பிரிந்துவிடும். 65 என்பது டைப்-சி தனியாக இருக்கும்போது மட்டும். லேப்டாப்பும் போனும் ஒன்றாக ஏற்றலாம் என்று சொல்லி விற்ற சார்ஜர் அது. இரண்டையும் போட்டதும் லேப்டாப் மெதுவான சார்ஜர் என்று எச்சரிக்கை காட்டுகிறது.

அப்பாவின் பி.பி. மிஷினைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் டைப்-சி ஓட்டை இருக்கிறது. சி-க்கு-சி கேபிளில் செருகினால் செத்த மாதிரி கிடக்கும், ஒரு விளக்கும் எரியாது. கெட்டுப்போயிற்று என்று தூக்கிப்போடப் பார்த்தோம். டைப்-சி சார்ஜர் எதிரே சாதனம் இருக்கிறது என்று உறுதியானால்தான் மின்சாரமே விடும். அந்த அடையாளத்துக்குச் சாதனத்தில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு வேண்டும். மலிவான பொருள்களில் அதை விட்டுவிடுகிறார்கள். சப்பை முனைக் கேபிளில் 5 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருப்பதால் அதில் மட்டும் ஏறும். நான் கோபத்தோடு மூலையில் எறிந்த அந்த 499 ரூபாய் கேபிளில் இப்போது அப்பாவின் மிஷின்தான் ஏறுகிறது. "ஏ முனைக் கேபிளில் மட்டும் சார்ஜ் செய்யவும்" என்று மிஷினின் பெட்டியில் ஒரு வரி இல்லை.

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை இது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் போன் பெட்டியில் ஒரு சின்னக் கட்டம் கட்டாயம். போனுக்குக் குறைந்தது எத்தனை வாட் வேண்டும், முழு வேகத்துக்கு எத்தனை வாட் வேண்டும், பி.டி. உண்டா என்று அதில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா இல்லையா என்பதற்குத் தனிப் படம். ஆன்லைனில் விற்றால் இவற்றை விலைக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். பி.பி.எஸ். வேண்டும் என்பதை அந்தக் கட்டமும் சொல்வதில்லை, அதனால் அக்காவின் சிக்கல் அங்கேயும் முழுதாகத் தீர்ந்திருக்காது. இருந்தாலும் ஆரம்பம் அதுதான். நான் இங்கே வாங்கிய போன் பெட்டியில் அதில் பாதிகூட இல்லை.

சார்ஜர் பெட்டிக்கு வெளியே, எம்.ஆர்.பி. அச்சிடும் அதே அளவு எழுத்தில், ஒவ்வொரு ஓட்டைக்கும் வோல்ட் ஆம்பியர் பட்டியலைப் போடுங்கள். பி.பி.எஸ். இருந்தால் எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வரை என்று போடுங்கள், இல்லாவிட்டால் இல்லை என்றே போடுங்கள். இரண்டு ஓட்டையும் ஒன்றாக ஓடினால் எப்படிப் பிரியும் என்று போடுங்கள். கேபிள் அட்டையில் இரண்டு முனையின் பெயரும் 3 ஆம்பியரா 5 ஆம்பியரா என்பதும் இருக்கட்டும். 5 ஆம்பியர் போக சி-க்கு-சி கேபிளுக்குள் அடையாளச் சிப் வேண்டும். அது இல்லாத கேபிளை 100 வாட் என்று விற்றாலும் பி.டி.யில் 60-ஐத் தாண்டாது. போன் பெட்டியில் 25 வாட் என்று எழுதும்போது பக்கத்திலேயே பி.பி.எஸ். சார்ஜரோடு மட்டும் என்று எழுதுங்கள்.

ஆன்லைனில் விற்பவர்களே, மேசை மேல் பூந்தொட்டி, பக்கத்தில் காபிக் கோப்பை என்று எட்டுப் படம் போடுகிறீர்களே, ஒன்பதாவதாக சார்ஜரைக் கவிழ்த்து வைத்து, நல்ல வெளிச்சத்தில், அந்த எறும்பெழுத்து படிக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.