பொயிலர் வெடிக்கேல்லை, ரப்பர் தேஞ்சிருக்கு

ஒரு கோப்பிக் கடையின்ர எஸ்பிரெசோ மெஷினைக் காட்டுற அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆக்கள் இல்லை. "மெஷினால கோப்பி வழியுது, பொயிலர் வெடிக்கப் போகுது, சனத்தைக் கொல்லப் பாக்கிறாங்கள்" எண்டு ஒரு குரல். முன்னால கடைப் பெடியன் துணியோட முழிச்சுக்கொண்டு நிக்கிறான்.

பொயிலர் வெடிக்கேல்லை. வெடிக்கவும் போறேல்லை. வீடியோ எடுத்தவரே, நீங்கள் விரல் நீட்டின இடத்தில பொயிலரே இல்லை.

கைபிடியோட இருக்கிற கனமான கிண்ணத்துக்குப் பேர் போர்ட்டாஃபில்டர். அதுக்குள்ள இருக்கிற மெல்லிய எவர்சில்வர் கூடை, அடியில பொட்டுப் பொட்டா ஓட்டையோட, அதுதான் பாஸ்கெட். தூள் அதுக்குள்ளதான் போடுறது. போர்ட்டாஃபில்டரை மாட்டுற, மெஷினில இருந்து முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிக்கிற தலை குறூப் ஹெட். சுடுதண்ணி அதின்ர அடியில இருக்கிற ஷவர் ஸ்கிரீனால பரவி தூளில விழும். பொயிலர் உள்ளுக்கை, தகட்டுக்குப் பின்னால கிடக்கு. எல்லாத்தையும் "அந்தச் சாமான்" எண்டால், எது பழுது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? மெஷின் பழுது எண்டு எனக்குப் போன் எடுக்கிற ஆக்களும் இப்பிடித்தான். "தம்பி, ஹாண்டிலால ஒழுகுது." எந்த இடத்தால அண்ணை எண்டால் கோவம் வந்திடும்.

வழிஞ்சது காஸ்கெட்டால. குறூப் ஹெட்டுக்குள்ள ஷவர் ஸ்கிரீனைச் சுத்தி இருக்கிற ரப்பர் வளையம் அது. பம்ப் கிட்டத்தட்ட 9 பார் அழுத்தத்தில தண்ணியைத் தள்ளேக்க, தண்ணி பாஸ்கெட்டின்ர ஓட்டையால மட்டும் போகோணும். விளிம்பால பிதுங்காமல் மறிக்கிறது இந்த வளையம்தான். நாள் முழுக்கச் சூட்டில கிடந்து ரப்பர் இறுகிப்போகும். நகத்தால அமத்திப் பாருங்கோ, பள்ளம் விழாட்டி அது முடிஞ்சுது.

வீடியோவிலயே சாட்சி இருக்கு. கைபிடியைப் பாருங்கோ. நல்ல காஸ்கெட் எண்டால் இடப்பக்கம் மாட்டி வலப்பக்கம் இழுக்கேக்க, கைபிடி உங்கட நெஞ்சுக்கு நேர வந்து இறுகி நிக்கும். அங்க அது நேரைத் தாண்டி வலப்பக்கம் நல்லாப் போய்க் கிடக்கு. ரப்பர் தேயத் தேய இப்பிடித்தான் போகும்.

"தூளைக் கூடப் போட்டிருப்பாங்கள்" எண்டு ஒருத்தர் பெரிய விண்ணர் கணக்கா எழுதியிருக்கிறார். 18 கிராம் பாஸ்கெட்டில 21 கிராம் அமத்தினால் தூள் ஷவர் ஸ்கிரீனில முட்டி, கைபிடி நேருக்கு வாறதுக்கு முன்னமே இடப்பக்கம் நிண்டிடும். அது மற்றப் பக்கத்துப் பிரச்சினை ஐயா.

சந்தேகம் எண்டால் விளிம்பைத் துடைச்சுப்போட்டு, ஓட்டை இல்லாத பாஸ்கெட்டைப் போட்டு மாட்டி, பம்பை ஒரு அஞ்சு செக்கன் ஓட விடுங்கோ. அப்பவும் பக்கத்தால தண்ணி கசிஞ்சால் காஸ்கெட். கசியாட்டி, முதல் வழிஞ்சது விளிம்பில ஒட்டின தூளால, இல்லாட்டி பழைய பாஸ்கெட்டின்ர நெளிஞ்ச விளிம்பால. இது கடை மெஷினுக்கு. அழுத்தத்தை வெளியில விடுற வால்வு இல்லாத வீட்டு மெஷினில செய்யாதேங்கோ.

இனி "மீற்றர் 1 பாரில நிக்குது, 9 எங்க?" எண்டு கேக்கிறவைக்கு. அங்க முள்ளு ரெண்டு. ஒண்டு பம்பின்ர அழுத்தம், கோப்பி இறங்கேக்க 9 பக்கம் ஏறும். மற்றது பொயிலரில இருக்கிற ஆவியின்ர அழுத்தம், 1 தொடக்கம் 1.5 வரைக்கும் நிண்டால் அது சுகமா இருக்கு எண்டு அர்த்தம். அளவை மீறினால் ஆவியை வெளியேத்த பாதுகாப்பு வால்வு இருக்கு. நீங்கள் ஆபத்து எண்டு வட்டம் போட்டுக் காட்டின முள்ளு, நல்ல பொயிலரின்ர முள்ளு.

"கடைக்காரனுக்கு வக்காலத்தோ?" இல்லை. கடைக்காரரிலயும் பிழை இருக்கு, காஸ்கெட்டை முதலே மாத்தியிருக்கோணும். பொயிலரைப் பற்றி உண்மையாவே கவலை எண்டால் கிணத்துத் தண்ணியைப் பற்றிக் கேட்டிருக்கலாம். எங்கட நிலம் சுண்ணாம்புக்கல். கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறது பொயிலருக்குள்ளயும் படியும். மெஷின் சூடாக நேரம் எடுக்கும், ஆவி குறையும். தண்ணியை மென்மையாக்கிற ஃபில்டர் போடாட்டி அது நிச்சயம். அதை ஒருத்தரும் கேக்கேல்லை. அதுக்கு வியூஸ் வராதே.

அந்தப் பெடியனுக்கு: தம்பி, மெஷினை நிப்பாட்டி, ஆற விட்டு, ஷவர் ஸ்கிரீனுக்கு ஸ்குரூ இருந்தால் கழட்டு. பழைய ரப்பர் துண்டு துண்டாத்தான் வரும், காடியில ஒரு துணுக்கும் மிச்சம் வைக்காதை. E61 எண்ட வகைக் குறூப் ஹெட் எண்டால் காஸ்கெட் 8 மில்லிமீற்றரிலயும் 8.5 இலயும் வருது. பழசை அளந்தால் தேஞ்ச கணக்குத்தான் வரும், மொடலைச் சொல்லி வாங்கு. சரிவான பக்கம் மேல. முதல் கொஞ்ச நாள் கைபிடி நேருக்குச் சற்று முன்னமே இறுகும், பலத்தைப் பிடிச்சு இழுக்காதை.