IST என்று எழுதாதீர்கள், +05:30 என்று எழுதுங்கள்

தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போன முதல் வாரம். மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனி. அங்கே குளிர் அறையின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யும் சின்ன ஏற்பாட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் சரக்கு கெட்டிருக்கிறது. என் பதிவைத் திறந்தார்கள். 5:40க்கு வெப்பநிலை ஏறத் தொடங்கியதாகக் காட்டியது. ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை லாரியில் லோடு ஏற்றியிருக்கிறார்கள். கதவைத் திறந்து போட்டுவிட்டான் என்று லோடு ஏற்றிய தம்பியின் அன்றைய கூலியைப் பிடித்துவிட்டார்கள்.

அந்தத் தம்பி என்னிடம் வந்து, "அண்ணே, நான் உள்ளே போகும்போதே அறை குளிராக இல்லை" என்றான். அவன் சொன்னதற்காகவே மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். கம்பெனி வாட்ச்மேன் நோட்டில் கரண்ட் போன நேரம் 2:10 என்று இருந்தது. 2:10க்கும் 5:40க்கும் இடையில் சரியாக மூன்றரை மணி நேரம். கடிகாரம் பழுதானால் வித்தியாசம் ஏழு நிமிடம், இருபத்தி மூன்று நிமிடம் என்று ஒழுங்கில்லாமல்தான் வரும். துல்லியமாக அரை மணி, ஒரு மணிக் கணக்கில் தள்ளி நின்றால் முதலில் நேர மண்டலத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். இன்னொரு அடையாளமும் கண்ணில் பட்டது. அன்று நான் பார்த்தபோது மணி பதினொன்று. கடைசிப் பதிவோ மதியம் இரண்டரை என்றது. இன்னும் வராத நேரத்தில் எந்தக் கருவியும் அளவெடுக்க முடியாது.

கருவி எழுதிய வரி `2025-06-18 02:10:00 IST`. நமக்கு இதில் குழப்பமே இல்லை. ஆனால் IST என்பது இந்திய நேரம் மட்டுமல்ல. இஸ்ரேலின் நேரத்துக்கும் (+02:00) அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் (+01:00) அதே மூன்றெழுத்துதான். உலகப் பொது நேரமான UTC-யைவிட எவ்வளவு முன்னால் என்பதைத்தான் அந்த + எண் சொல்கிறது. பதிவுகளைச் சேமிக்க நாங்கள் வைத்திருப்பது PostgreSQL என்ற தரவுத்தளம். அதன் இயல்பான சுருக்கெழுத்துப் பட்டியலில் IST என்றால் இஸ்ரேல். UTC-யில் ஓடும் சர்வரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்:

```
SELECT '2025-06-18 02:10 IST'::timestamptz AT TIME ZONE 'UTC';
-- 2025-06-18 00:10:00
SELECT '2025-06-18 02:10+05:30'::timestamptz AT TIME ZONE 'UTC';
-- 2025-06-17 20:40:00
```

முதல் விடையை இந்திய நேரத்துக்கு மாற்றினால் 5:40. இரண்டாவதை மாற்றினால் 2:10. இதே IST-ஐ லினக்ஸின் `date` கட்டளையிடம் கொடுத்தால் அது இந்தியா என்று எடுத்துக்கொள்ளும். ஒரே வரிக்கு இரண்டு மென்பொருள் இரண்டு அர்த்தம் சொல்கிறது. இரண்டுமே பிழை என்று காட்டாது. அதுதான் இதில் எனக்குப் பயம் தருவது.

`timezone_abbreviations` அமைப்பை `India` என்று மாற்றினால் PostgreSQL சரியாகப் படிக்கும். ஆனால் நாளைக்கு வேறு சர்வருக்குப் போகும்போது அதை மறப்போம். அதனால் எழுதும் இடத்திலேயே திருத்தினேன். இப்போது கருவி `2025-06-18T02:10:00+05:30` என்றுதான் எழுதுகிறது. இதைப் படிக்க யாருக்கும் எந்தப் பட்டியலும் தேவையில்லை. கருவி எழுதிய பழைய வரிகள் ஃபைலில் அப்படியே இருந்ததால் எல்லாவற்றையும் திரும்ப ஏற்ற முடிந்தது. தம்பிக்குக் கூலியும் வந்தது.

ஒரே ஊரில்கூடப் பெயர் நிலைத்திருக்கும், நேரம் மாறிவிடும். நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் தலைமன்னாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை +06:30க்குத் தள்ளியது, அதே அக்டோபரில் +06:00க்கு வந்தது, 2006 ஏப்ரலில் +05:30க்குத் திரும்பியது. வெறுமனே 'இலங்கை நேரம்' என்று எழுதி வைத்த பழைய குறிப்பைப் படிப்பவர், அது எந்த வருடத்துக் குறிப்பு என்று தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது.

அழைப்புகளிலும் இதே கதைதான். அயர்லாந்திலிருந்து ஒருவர் ஜூலையில் 3 PM IST என்று அனுப்பினால் அது நமக்கு இரவு 7:30. நாம் மதியம் மூன்று மணிக்கே போனைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். அவர் 15:00 +01:00 என்று போட்டிருந்தால் நான்கரை மணி நேரம் கூட்டிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடந்து முடிந்ததற்கு +05:30 போன்ற எண் போதும். வாராவாரம் நடக்கும் கூட்டத்துக்கு எண் மட்டும் போதாது. அயர்லாந்தில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். +01:00 என்பது +00:00 ஆகிவிடும். அதனால் வெளிநாட்டோடு தொடர்ந்து பேசுகிறவர்கள் யாருடைய ஊர்க் கடிகாரத்தை வைத்து நடக்கிறது என்பதையும் எழுதுங்கள். நான் இப்போது அனுப்பும் அழைப்பு இப்படி இருக்கும்: "புதன்தோறும் 15:00, டப்ளின் நேரப்படி (Europe/Dublin). இந்த வாரம் 15:00 +01:00, மண்டபத்தில் 19:30 +05:30."