அந்த இரண்டு சதவீதங்களையும் ஒப்பிட முடியாது

பில்லிங் மென்பொருள் விற்கும் நண்பர் ஒருவர், அடிப்படை வசதியை எப்போதும் இலவசமாகத் தரும் ஃப்ரீமியம் வைப்பதா, சில நாள் மட்டும் இலவசமாகத் தரும் ஃப்ரீ டிரையல் வைப்பதா என்று கேட்டிருந்தார். அதற்கு வந்த ஒரு பதில்: "ஃப்ரீமியத்தில் 4% பேர்தான் பணம் கட்டுகிறார்கள், ஃப்ரீ டிரையலில் 40%. டிரையல்தான் பத்து மடங்கு லாபம்."

கணக்கு எதன்மேல் போடப்பட்டது என்று பாருங்கள். உதாரணத்துக்கு, தளத்துக்கு 10,000 பேர் வருகிறார்கள். இலவசத் திட்டம் என்றால் 1,000 பேர் பதிவு செய்கிறார்கள் என்று வைப்போம். அதில் 4% என்பது 40 பேர். கார்டு எண் கேட்கும் 14 நாள் டிரையல் என்றால் 100 பேர்தான் உள்ளே வருவார்கள். அதில் 40% என்பதும் அதே 40 பேர்தான். வாங்கும் எண்ணம் இல்லாதவர்களைக் கார்டுப் பெட்டியே வாசலில் வடிகட்டிவிடுகிறது. அதனால்தான் சதவீதம் அவ்வளவு அழகாகத் தெரிகிறது.

டிரையலில் வந்த அந்த 40 பேரிலும் ரத்து செய்ய மறந்தவர்கள் இருப்பார்கள். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் முதல் மாதத்தைக் கொண்டாடினோம், இரண்டாம் மாதம் பணத்தைத் திருப்பிக் கேட்டு வரிசையில் நின்றார்கள். மூன்றாம் கட்டணம் செலுத்தியவர்களை எண்ணினால்தான் உண்மை தெரியும்.

இன்னொன்று, காலம். டிரையலின் முடிவு இரண்டே வாரத்தில் தெரிந்துவிடும். கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் டிராப்பாக்ஸின் இலவச 2 ஜிபி நிரம்ப ஒருவருக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம். அவர் பணம் கட்டுவது அப்போதுதான், உங்கள் 4 சதவீதத்தில் அவர் இல்லை.

அதே கேள்விக்கு இன்னொருவர் இலவசப் பயனர்களால் சர்வர் செலவு என்றார். சரிதான், ஆனால் குறிப்பு எழுதும் செயலிக்கு அது சில்லறைக் காசு, வீடியோ சேமிப்புக்கு ஆளையே கவிழ்க்கும். பில்லிங் மென்பொருள் விற்கும் நண்பருக்கு எது பொருந்தும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அவருடைய பதிவு எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்.