லாரிக்காரர் போடும் இடது இண்டிகேட்டர்

நம்ம பக்கத்து இருவழிச் சாலையில் லாரிக்குப் பின்னால் மாட்டியவர்களுக்கெல்லாம் இது தெரியும். இடது இண்டிகேட்டர் போட்டால் "எதிர்ல ஒண்ணும் இல்ல, ஏறிப் போ". வலது போட்டால் "வராதே, எதிரே வண்டி". இது டிரைவர்களாக வைத்துக்கொண்ட பழக்கம். சட்டப்படி இடது இண்டிகேட்டர் என்றால் இடப்பக்கம் திரும்புகிறேன் அல்லது ஒதுங்குகிறேன், அவ்வளவுதான். வடக்கே ஓட்டிப் பழகிய சிலர் வலதைப் போட்டு வழி விடுவதும் உண்டு, அது வேறு கூத்து.

சம்பா அறுவடை சமயத்தில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் போய்ப் பாருங்கள். பல இடங்களில் சாலையை ஒட்டியே வாய்க்கால் ஓடும். நெல் கொள்முதல் நிலையம் அக்கரையில் இருக்கும். நடுவில் ஒரு குறுகலான பாலம். லாரியை நேராக இடப்பக்கம் ஒடித்தால் பின் சக்கரம் உள்வாங்கி, பாலத்தின் கட்டைச் சுவரில் ஏறும், இல்லையென்றால் வாய்க்காலில் இறங்கும். அதனால் டிரைவர் முதலில் வலப்பக்கம் நன்றாக வாங்கி, சில நேரம் நடுக்கோட்டையும் தாண்டி, பிறகுதான் இடப்பக்கம் ஒடிப்பார். அவர் போட்டிருப்பது இடது இண்டிகேட்டர், முறையாகத்தான் போட்டிருக்கிறார். பின்னால் வரும் கார்க்காரர் "அண்ணன் வழி விட்டுட்டார்" என்று வலப்பக்கம் ஏறும்போது லாரியின் முகப்பும் அதே பக்கம் வருகிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம். வழி விடுகிறவர் வேகத்தைப் பெரிதாகக் குறைக்க மாட்டார், இடது ஓரமாக ஒதுங்குவார், நாலைந்து தடவை சிமிட்டியதும் நிறுத்திவிடுவார். திரும்புகிறவருக்கு பிரேக் விளக்கு எரியும், வண்டி நடுரோட்டுப் பக்கம் நகரும், இண்டிகேட்டர் விடாமல் சிமிட்டும். முன்னால் இடப்பக்கம் பாலமோ அரிசி ஆலையோ தெரிந்தால் நான் அந்த விளக்கை நம்புவதே இல்லை.

அவர் நிஜமாகவே வழி விட்டாலும் கணக்கு போட வேண்டியது நாம்தான். லாரி 50 கி.மீ., நீங்கள் 70. வித்தியாசம் 20, அதாவது வினாடிக்கு ஐந்தரை மீட்டர். முன்னும் பின்னும் இடைவெளி விட்டு லாரியைத் தாண்ட 45 மீட்டர் என்று வைத்தால் 8 வினாடி. அதற்குள் நீங்கள் 155 மீட்டர் போயிருப்பீர்கள், எதிரே 70-ல் வரும் பஸ்ஸும் அவ்வளவே வந்திருக்கும். ஆக 310 மீட்டர் காலியாகத் தெரிய வேண்டும். அவர் சிமிட்டியபோது ரோடு காலிதான். நீங்கள் கியர் மாற்றி யோசித்த மூன்று வினாடியில் பஸ் 60 மீட்டர் கிட்டே வந்துவிட்டது. உங்கள் காரில் ஐந்து பேரும் ஏசியும் இருப்பதால் வேகம் மெதுவாகத்தான் ஏறும் என்பது லாரிக்காரருக்கு எப்படித் தெரியும்? உங்கள் பின்னாலேயே, உங்களுக்குப் போட்ட சிக்னலை நம்பி ஏறும் இரண்டாவது கார்க்காரரை என்ன சொல்ல!

ராத்திரியில் இன்னொன்று. பழுதாகி நிற்கும் லாரி நாலு விளக்கையும் சிமிட்ட விட்டிருக்கும். வலது பல்பு எரியாவிட்டாலோ, தொங்கும் வைக்கோல் அதை மறைத்தாலோ, பின்னால் வருபவருக்கு இடது மட்டும்தான் தெரியும். எதிரே காலியா என்று அந்த லாரியில் யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. டிரைவர் ஒருவேளை கீழே இறங்கி டயர் கழற்றிக்கொண்டிருப்பார்.