ஏற்றியும் ஏறாத தட்டணுக்கள்

“பிளேட்லெட் ஏத்தியும் கவுண்ட் ஏறலன்னா பை பழசு. கூடப்பொறந்தவங்க குடுத்தா உடனே ஏறும்.” (தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் சுற்றும் வாட்ஸ்அப் செய்தி)

பெரும்பாலும் இல்லை. மன்னார்குடிப் பக்கத்துப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளை பெற்றவர். எலும்பு மஜ்ஜை செயலிழந்ததால் அடிக்கடி பிளேட்லெட் எனும் தட்டணு ஏற்றிக்கொள்கிறார். எண்ணிக்கை 8,000. ஒரே கொடையாளரின் புதிய பை ஏற்றி ஒரு மணி நேரத்தில் பார்த்தால் 9,000. வழக்கமாக 30,000 போலக் கூடியிருக்க வேண்டும். அடுத்த பையிலும் அதே கதை.

அந்த ஒரு மணி நேரக் கணக்குதான் துப்பு. முதலில் ஏறி மறுநாள் இறங்கினால் காய்ச்சல், கிருமித்தொற்று போன்றவற்றைச் சந்தேகிக்கலாம். ஏறவே இல்லை என்றால், பிறர் தட்டணுவின் மேலுள்ள எச்.எல்.ஏ. அடையாளத்துக்கு எதிராக உடலில் எதிர்ப்பணு உருவாகியிருக்கலாம். கர்ப்பமும் முன்பு ஏற்றிய ரத்தத்தின் வெள்ளணுக்களும் அதைத் தூண்டும். வெள்ளணுவை வடிகட்டிய பை இந்த ஆபத்தைக் குறைக்கும். ஏற்கெனவே உருவானதை அழிக்காது.

அப்புறம் எதிர்ப்பணுச் சோதனை செய்து, அவர் உடல் எதிர்க்கும் அடையாளம் இல்லாத கொடையாளரைத் தேடுவார்கள். அல்லது நோயாளியின் சீரத்தோடு தட்டணுவைக் கலந்து பொருத்தம் பார்ப்பார்கள். அப்படிக் கிடைத்த பையில் 8,000 என்பது 36,000 ஆகலாம்.

கூடப்பிறந்தவர் எச்.எல்.ஏ. அடையாளத்தில் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். மஜ்ஜை மாற்று சிகிச்சை வரக்கூடும் என்றால் குடும்பத்தார் தட்டணுவைத் தவிர்ப்பார்கள். அப்படியே ஏற்றினாலும் கதிர்வீச்சு கொடுத்த பையாக இருக்க வேண்டும்.